'அப்லோடு ஆயிடுச்சு'ன்னு நிம்மதியா இருக்கலாமா? பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலை ஸ்கேன் செய்யும்போது எங்கே தவறு நடக்கிறது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று உரக்கடை. இன்னொன்று இ-சேவை மையமும் பொது சேவை மையமும். காரணம், சம்பா நெல்லுக்கான பயிர்க் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா பயிரைப் பதிவு செய்ய வழக்கமாக நவம்பர் 15 தான் கடைசி நாள். சில ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும். 2024-ல் நவம்பர் 30 வரை நீட்டித்தார்கள். ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம். அதைக் கட்டி, ஆவணங்களை ஏற்றி, திரையில் பச்சை நிறத்தில் டிக் வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த டிக் உண்மையில் என்ன சொல்கிறது? இந்தச் செய்தியின் மையமே அதுதான்.

டிக் வந்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமா?

இல்லை. ஒரு கோப்பை ஏற்றும்போது இணையதளம் பெரும்பாலும் இரண்டு விஷயங்களை மட்டுமே சோதிக்கும். கோப்பு சொன்ன அளவுக்குள் இருக்கிறதா? கேட்ட வகையில், அதாவது பிடிஎஃப் அல்லது ஜேபிஜி-யாக இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் டிக் போட்டுவிடும். உள்ளே இருப்பதைப் படிக்க முடிகிறதா என்று கணினி பார்ப்பதில்லை.

படிப்பது மனிதர். அதுவும் அன்றே அல்ல. விண்ணப்பம் சரிபார்ப்புக்குப் போகும்போது, தட்டச்சு செய்த சர்வே எண்ணும் பரப்பும் ஏற்றிய அடங்கலோடு பொருந்துகிறதா என்று அவர் பார்ப்பார். அடங்கல் மங்கலாக இருந்தால் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பலாம், நிராகரிக்கவும் படலாம். அதற்குள் கடைசி தேதி போயிருந்தால் சிக்கல் பெரிது. கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க் கடன் வாங்கியவர்களுக்கு அந்த அமைப்பே பதிவு செய்துவிடும். கடன் வாங்காதவர்களும் குத்தகை விவசாயிகளும்தான் தாங்களே ஆவணம் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியவர்கள். டெல்டாவில் கோயில் நிலத்திலும் தனியார் நிலத்திலும் குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு 'இந்த வயலில் சம்பா போட்டிருப்பது நான்தான்' என்று சொல்லும் முக்கியத் தாள் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல்தான்.

அடங்கலில் படிக்க வேண்டியது என்ன?

டெல்டாவில் பேச்சு வழக்கில் நிலத்துக்கு அளவு மா, வேலி. மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஆனால் வருவாய்த்துறை ஆவணத்தில் ஹெக்டேர், ஏர்ஸ் என்றுதான் இருக்கும். மூணு மா நிலம் தாளில் '0-40.50' என்று வரும். அதாவது நாற்பதரை ஏர்ஸ்.

இந்த 40.50-ல் உள்ள 4-ன் கை மங்கிப்போனால் அது 10.50 மாதிரி தெரியும். 10.50 ஏர்ஸ் என்றால் சுமார் 26 சென்ட். ஒரு ஏக்கர் கால் ஏக்கராகிவிட்டது! புள்ளி அழிந்தால் 4050 என்று நிற்கும். அது எந்த அளவு என்றே புரியாது.

சர்வே எண்ணிலும் இதே கதை. உட்பிரிவு '2A1' என்று கையால் எழுதியிருக்கும். 1-க்கு மேலே சின்னக் கொக்கி இருந்தால், மங்கலான படத்தில் அது 7 ஆகிவிடும். 2A7 என்பது பக்கத்து வயலாக இருக்கலாம். விவசாயி கட்டிய பிரீமியம் ஒரு வயலுக்கு, அவர் காட்டும் ஆதாரம் இன்னொரு வயலுக்கு என்றாகிவிடும்.

ஆக, ஸ்கேன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முழுத் தாளையும் ஆராய வேண்டியதில்லை. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் செய்பவர் பெயர், பசலி ஆண்டு, கையெழுத்து, முத்திரை ஆகியவை தெளிவாகத் தெரிந்தால் போதும். இவற்றில் மிகச் சிறியது அந்தப் புள்ளி. அது தெரிந்தால் மற்றவையும் தெரியும்.

ஒரே தாள், ஒரே அளவு, இரண்டு முடிவுகள்

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரத்தநாடு பக்கம் மூணு மா குத்தகை நிலத்தில் சம்பா நட்டிருக்கும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். 'அப்பா, அடங்கலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்' என்கிறார். அப்பா தாளைக் கட்டிலில் வைத்து, நின்றபடியே படம் எடுத்து அனுப்புகிறார்.

இப்போது என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள். கைபேசி எடுத்த படம் சுமார் 4000-க்கு 3000 பிக்சல். அதாவது 12 மெகாபிக்சல். பிக்சல் என்பது படத்தைக் கட்டியிருக்கும் சின்னச் சின்னச் சதுரப் புள்ளி. ஆனால் படத்தில் பாதி, கட்டிலும் தரையும். தாள் பாதி உயரத்தைத்தான் அடைத்திருக்கிறது.

அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது, நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அதில் தாளுக்குக் கிடைப்பது பாதி, 800 பிக்சல். ஏ4 தாளின் உயரம் கிட்டத்தட்ட 11.7 அங்குலம். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 68 பிக்சல். ஸ்கேனர் மொழியில் இதை 68 டிபிஐ என்பார்கள்.

அந்த அளவில், விஏஓ மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் எழுதிய ஓர் எண்ணுக்கு 8 பிக்சல் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்று, ஒன்றரை பிக்சல். புள்ளி இருந்த இடத்தில் லேசான சாம்பல் நிறக் கறைதான் மிஞ்சும்.

இணையதளம் 200 கேபி-க்குள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படம் 150 முதல் 200 கேபி-க்குள் வந்துவிடும். மகன் ஏற்றுகிறார். டிக் விழுகிறது. 'ஆயிடுச்சுப்பா' என்று போன் போடுகிறார்.

இப்போது அதே தாளை வேறு விதமாக எடுப்போம். ஸ்கேன் செயலியில் தாளின் நான்கு மூலையும் திரை முழுக்க வரும்படி எடுத்து, கட்டில், தரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கறுப்பு-வெள்ளைச் சாயல் கொண்ட 'கிரே' படமாக மாற்றி, 1240-க்கு 1754 பிக்சலாக வைக்கிறோம். இது ஏ4 தாளுக்கு 150 டிபிஐ. அதே எண்ணுக்கு இப்போது 18 பிக்சல். புள்ளிக்கு மூன்று பிக்சல். கோப்பின் அளவு? இதுவும் பெரும்பாலும் 200 கேபி-யைச் சுற்றித்தான் வரும். கொஞ்சம் கூடினால் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தால் போதும்.

கேபி ஏறக்குறைய ஒன்றுதான். படிக்கும் தெளிவு இரண்டு மடங்குக்கு மேல். வித்தியாசம் எங்கே வந்தது? முதல் படத்தில் பெரும்பாலான கேபி-யைத் தின்றது கட்டிலும் நிறமும் தரையும். இரண்டாவதில் அத்தனையும் எழுத்துக்குப் போனது.

கேபி-யைக் குறைக்க எந்த வரிசை சரி?

'சைஸ் அதிகம்' என்று சிவப்பில் வந்ததும் பலரும் முதலில் செய்வது, ஏதாவது ஒரு 'கம்ப்ரஸ்' தளத்தில் போட்டு ஒரேயடியாகச் சுருக்குவது. அது எழுத்தையும் சேர்த்துத்தான் சுருக்கும். எதைத் தியாகம் செய்வது என்று நாம் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வெட்டுங்கள். தாளுக்கு வெளியே இருக்கும் எதுவும் தேவையில்லை. பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து நிறம். எழுத்து மட்டும் இருக்கும் தாளுக்கு 'கிரே' போதும். ஆனால் ஸ்கேன் செயலிகளில் இருக்கும் முழுக் கறுப்பு-வெள்ளை ஃபில்டரை அடங்கலுக்குப் போடாதீர்கள். அது ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவு செய்துவிடும். மங்கலாக விழுந்த ஊதா முத்திரை வெள்ளையாகிக் காணாமல் போகும், அல்லது கறுப்பாகி அதன் கீழே இருக்கும் எழுத்தை மூடிவிடும். முத்திரை சர்வே எண் மேலேயே விழுந்திருந்தால் வண்ணத்திலேயே வைத்திருங்கள். ஊதா மையும் நீல மையும் தனித்தனியாகத் தெரிய நிறம்தான் உதவும்.

மூன்றாவது பிக்சல். 300 டிபிஐ ஸ்கேன் என்றால் ஏ4 தாள் 2480-க்கு 3508 பிக்சல். அச்சுக்கு அது நல்லது, இங்கே அதிகம். 200-க்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் 150-க்கு. கையெழுத்துத் தாளை 150-க்குக் கீழே கொண்டுபோவது ஆபத்து. நூறில் அந்தப் புள்ளிக்கு இரண்டே பிக்சல்தான்.

கடைசியாகத்தான் தரம். ஜேபிஜி தரத்தை 80, 70, 60 என்று மெதுவாக இறக்கிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி கொசு மொய்ப்பதுபோல அழுக்குப் புள்ளிகள் வர ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே போனால் 4-ம் 1-ம் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று. ரொம்பச் சின்னதாக இருந்தாலும் சில தளங்கள் வாங்காது. உதாரணத்துக்கு டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கீழ் வரம்பும் உண்டு. எனவே திரையில் எழுதியிருக்கும் வரம்பை இரண்டு முனையிலும் பாருங்கள்.

எதை ஸ்கேன் செய்யவே கூடாது?

எல்லா ஆவணமும் தாளாகப் பிறப்பதில்லை. சிட்டாவை `eservices.tn.gov.in` தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்தால் பிடிஎஃப்-ஆகவே எடுக்கலாம். அதில் எழுத்துகள் படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, கேபி-யும் குறைவு. அந்த பிடிஎஃப்-ஐ ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பிறகு அதைப் போட்டோ எடுத்து ஏற்றுவது கிடைத்த தெளிவை நாமே கெடுப்பதாகும். இறக்கிய பிடிஎஃப்-ஐ அப்படியே ஏற்றுவதுதான் சரி. மையத்துக்குப் போவதாக இருந்தால், அதைக் கைபேசியில் கோப்பாகவே கொண்டுபோகலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இதே விதி. படமாக அனுப்பாமல் இணைப்புக் குறியைத் தொட்டு 'Document' என்பதைத் தேர்ந்து அனுப்பினால், கோப்பு சுருங்காமல் போய்ச் சேரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதுதான் மிக மோசமான வழி. திரையில் தெரிந்த பிக்சல்களுக்கு மேல் அதில் எதுவும் இருக்காது.

ஆதாரில் மட்டும் ஒரு பூட்டு இருக்கிறது. யுஐடிஏஐ தளத்தில் இறக்கும் இ-ஆதார் பிடிஎஃப் கடவுச்சொல்லோடுதான் வரும். பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். அதை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்றுக்கொண்டாலும், சரிபார்ப்பவர் திறக்கும்போது கடவுச்சொல் கேட்டு நிற்கும். கணினியில் குரோம் உலாவியில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, 'Print' போய் 'Save as PDF' கொடுத்தால் பூட்டில்லாத பிரதி கிடைக்கும். அதை ஏற்றலாம். மூலக் கோப்பைப் பூட்டோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாளாகவே இருக்கும் அடங்கலை எப்படி எடுப்பது?

கைபேசியே போதும், ஸ்கேனர் கட்டாயமில்லை. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி உண்டு. ஐபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. இவை தாளின் ஓரத்தைத் தானே கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, பிடிஎஃப்-ஆகச் சேமிக்கும்.

தாளின் மடிப்பை முதலில் நீவிவிடுங்கள். மடிப்பு சர்வே எண் வழியாகப் போனால் நிழல் அங்கேதான் விழும். திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் கறுப்பான பலகை அல்லது துணி மேல் வையுங்கள். வெள்ளைத் தரையில் வெள்ளைத் தாளை வைத்தால் செயலிக்கு ஓரம் தெரியாது. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் கைபேசியின் நிழலே தாளில் விழும். ஃபிளாஷ் வேண்டாம். லேமினேட் செய்த தாளிலும் பாஸ்புக்கிலும் அது வெள்ளைத் திட்டாகப் போய் உட்காரும்.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பிரிண்ட் மங்கியிருந்தால், அதைப் பெரிதாக்கி முயல்வதைவிட வங்கியில் ஒரு முறை புதிதாகப் பிரிண்ட் போட்டு வாங்குவது நல்லது. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள். ஐந்தாவது எப்போதுமே பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல. இணைக்கப்பட்ட வங்கியின் பழைய பாஸ்புக் என்றால் குறியீடே மாறியிருக்கும். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது ஓர் உதாரணம்.

பெயரை மாற்றினால் வகை மாறுமா?

மாறாது. `adangal.jpg` என்ற கோப்பின் பெயரை `adangal.pdf` என்று மாற்றினால், பெட்டியின் மேல் லேபிள் மட்டும்தான் மாறுகிறது. உண்மையான பிடிஎஃப் கோப்பின் உள்ளே முதலில் `%PDF` என்று தொடங்கும். சில தளங்கள் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். சில தளங்கள் வாங்கிக்கொள்ளும், ஆனால் சரிபார்ப்பவரிடம் கோப்பு திறக்காது. இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் நமக்குத் தெரியவே வராது. ஸ்கேன் செயலியில் பிடிஎஃப் என்று தேர்ந்து சேமிப்பதுதான் மாற்றும் முறை.

ஐபோனில் எடுத்த படம் `.heic` என்ற வகையில் இருக்கலாம். பல விண்ணப்பத் தளங்கள் அதை வாங்குவதில்லை. கேமரா அமைப்பில் 'Formats' பகுதியில் 'Most Compatible' என்று வைத்துவிட்டால் ஜேபிஜி-யாகவே எடுக்கும்.

கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?

இது அழகுக்காகச் சொல்வது அல்ல. நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரே கணினியில் நாள் முழுக்க பலரின் ஆவணங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் `scan.pdf`, `scan (1).pdf`, `scan (2).pdf` என்று பெயர் இருந்தால், அவசரத்தில் இன்னொருவர் அடங்கல் உங்கள் விண்ணப்பத்தில் ஏறிவிடும். இணையதளத்துக்கு அது தெரியாது. அளவு சரி, வகை சரி, டிக்!

எனவே பெயரிலேயே யாருடையது, என்ன ஆவணம், எந்த வயல், எந்த ஆண்டு என்று இருக்கட்டும். இப்படி:

```
selvam_adangal_145-2A1_1435.pdf
```

கடைசியில் இருக்கும் 1435 பசலி ஆண்டு. வருவாய்த்துறைக் கணக்கில் 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை பசலி 1435. போன வருட அடங்கல் கைபேசியிலேயே கிடக்கும். தேடும்போது அதுதான் முதலில் வரும். பெயரில் பசலி இருந்தால் அந்தத் தவறு நடக்காது.

சர்வே எண்ணில் உள்ள சாய்கோட்டுக்குப் பதில் சின்னக் கோடு போட்டிருப்பதைக் கவனியுங்கள். `145/2A1` என்று கோப்புப் பெயர் வைக்க முடியாது, ஏனென்றால் கணினிக்குச் சாய்கோடு என்றால் வேறு ஃபோல்டர் என்று அர்த்தம்.

தமிழில் பெயர் வைக்கலாமா? கைபேசியில் தாராளமாக வைக்கலாம், ஏற்றுவதற்கு வேண்டாம். இணைய முகவரிக்குள் போகும்போது 'அ' என்ற ஒரே எழுத்து `%E0%AE%85` என்று ஒன்பது எழுத்தாக விரியும். 'அடங்கல்' என்ற பெயர் மட்டுமே 63 எழுத்தாகிவிடும். பழைய முறையில் எழுதிய தளங்கள் இதில் தடுமாறும். இடைவெளி, அடைப்புக்குறி, '&' போன்ற குறிகளையும் தவிர்க்கலாம். ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ மட்டும் கோப்புப் பெயரில் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயர் எத்தனை கணினியில் தங்கும் என்று சொல்ல முடியாது.

ஏற்றிய பிறகு செய்ய வேண்டியது என்ன?

மழைக்காலத்தில் கரண்ட்டும் நெட்டும் விட்டுவிட்டு வரும். பாதியில் இணைப்பு அறுந்தால் கோப்பு உடைந்து, திறக்காத நிலையில் ஏறியிருக்கலாம். அதனால் சமர்ப்பிக்கும் முன் 'View' அல்லது 'Preview' இருந்தால் அழுத்தி, ஏறியிருக்கும் கோப்பையே திறந்து பாருங்கள். உங்கள் கைபேசியில் இருப்பதைப் பார்த்தால் போதாது.

ஒரு எளிய சோதனை உண்டு. தாளைப் பார்க்காத ஒருவரிடம், உதாரணத்துக்கு வீட்டில் படிக்கும் பிள்ளையிடம், திரையில் தெரியும் ஸ்கேனை மட்டும் காட்டி 'இந்த சர்வே நம்பரையும் பரப்பையும் படி' என்று சொல்லுங்கள். எழுதியவருக்கும் தாளை வைத்திருப்பவருக்கும் எண் ஏற்கெனவே தெரியும், அதனால் மங்கலாக இருந்தாலும் படித்துவிடுவார்கள். சரிபார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. பிள்ளை தயங்கினால் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

பிறகு ரசீது. அதில் அச்சாகியிருக்கும் வருவாய் கிராமம், சர்வே எண், பரப்பு, வங்கிக் கணக்கு எண் நான்கையும் அடங்கலோடும் பாஸ்புக்கோடும் ஒப்பிடுங்கள், மையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே. ஆவணம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தட்டச்சில் 40.5 என்பது 10.5 ஆகியிருந்தால் இரண்டும் பொருந்தாது. கிராமத்தின் பெயரும் முக்கியம். நெல்லுக்கு இழப்பீடு வருவாய் கிராம அளவில்தான் கணக்கிடப்படுகிறது, பேச்சு வழக்கில் சொல்லும் ஊர்ப்பெயரில் அல்ல.

அதோடு முடியவில்லை. சில நாள் கழித்து `pmfby.gov.in` தளத்தில் 'Application Status' பகுதியில் ரசீது எண்ணைக் கொடுத்து நிலையைப் பாருங்கள். திருத்தத்துக்குத் திரும்பியிருந்தால் உடனே பதிவு செய்த மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 14447 என்ற பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணில் கேட்கலாம்.

இதனால்தான் கடைசி தேதிக்கு முதல் நாள் வரை காத்திருக்கக் கூடாது என்கிறார்கள். வரிசையில் நிற்பது மட்டும் பிரச்சினையல்ல. தவறு இருந்தால் அது தெரிய வரவும், அதைத் திருத்தவும் நாள் வேண்டும். நவம்பர் டெல்டாவுக்குப் புயல் மாதமும்கூட. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரத்தில் 'கோப்பை மறுபடி ஏற்றுங்கள்' என்று வந்தால் என்ன செய்வது?

சுருக்கமாக:

- சிட்டாவை இறக்கிய பிடிஎஃப்-ஆகவே ஏற்றவும். இ-ஆதாரின் பூட்டை எடுத்துவிட்டு ஏற்றவும்.
- அடங்கலைத் தாள் மட்டும் தெரியும்படி வெட்டி, பிறகு நிறம், பிக்சல், கடைசியாகத் தரம் என்ற வரிசையில் சுருக்கவும். 150 டிபிஐ-க்குக் கீழே போக வேண்டாம்.
- வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'Document' ஆக மட்டும் அனுப்பவும்.
- ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், பெயர், ஆவணம், சர்வே எண், பசலி சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைக்கவும்.
- ஏறிய கோப்பைத் திறந்து 40.50-ன் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கவும். ரசீதில் நான்கு விவரங்களை ஒப்பிட்ட பிறகே கிளம்பவும்.